தயிர் கேக் இரண்டு தடவை கெட்ட பிறகு: இங்கிலாந்துக் கடையில் சோடா, பேக்கிங் பவுடர், செல்ஃப் ரெய்சிங் மாவு பார்த்து வாங்கும் முறை

இங்கிலாந்துக்கு வந்த மூன்றாவது மாதம், மகனின் ஐந்தாவது பிறந்தநாளுக்கு வீட்டிலேயே முட்டையில்லாத தயிர் கேக் செய்ய உட்கார்ந்தேன். ஊரில் பல தடவை செய்து கை பழகிய கேக்தான். அளவு எதையும் மாற்றவில்லை. இருபதாவது நிமிடம் மாவு டின்னின் விளிம்பைத் தாண்டி எழும்பி, கொஞ்சம் ஓவனுக்குள் வழிந்து கருகியது. முப்பதாவது நிமிடம் நடுப்பகுதி கிண்ணம் மாதிரி உள்ளே இறங்கிவிட்டது. மாவில்தான் ஏதோ தப்பு என்று மறுநாள் வேறு மாவு வாங்கினேன். பேக்கிங் பவுடரும் தீர்ந்திருந்ததால் புது டப்பா ஒன்றும் எடுத்துவந்தேன். இந்தத் தடவை கேக் நிமிர்ந்து நின்றது, ஆனால் பழுப்பேறி, ஒரு விள்ளல் வாயில் வைத்ததும் சோப்புக் கரைசல் மாதிரி இருந்தது. மகன் துப்பிவிட்டான்.

பக்கத்து வீட்டு அன்ரி யாழ்ப்பாணத்துக்காரர், இங்கே முப்பது வருடமாக இருக்கிறார். அவர் கேக்கைப் பார்க்கவே இல்லை. "பிள்ளை, நீங்கள் போட்ட மாப் பையையும் அந்த டப்பாவையும் எடுத்துக்கொண்டு வாங்கோ" என்றார். பையைத் திருப்பிப் பின்பக்கம் விரல் வைத்துக் காட்டினார்: "இதுக்குள்ளேயே பவுடர் போட்டிருக்கினம். நீங்கள் அதுக்கு மேலே திருப்பியும் போட்டிருக்கிறியள்." டப்பாவைப் பார்த்து, "இது பவுடர் இல்லை, சோடா" என்றார். இரண்டு கேக், இரண்டு வேறு தப்பு. இரண்டுக்கும் பதில் அட்டையில் அச்சடித்தே இருந்தது.

நீங்கள் புதிதாக வந்தவர் என்றால், பொருள் வாங்கக் கிளம்பும் முன் இதைப் படித்துக்கொள்ளுங்கள்.

1. பெயர்களைப் பொருத்திக்கொள்ளுங்கள்

குழப்பம் பெரும்பாலும் பெயரில்தான் தொடங்குகிறது. நாம் ஆப்ப சோடா, சமையல் சோடா, சோடா உப்பு என்று சொல்வதும், ஊர்ச் சமையல் வீடியோக்களில் பேக்கிங் சோடா என்று சொல்வதும் ஒரே பொருள். இங்கிலாந்தில் அதற்குப் பெயர் பைகார்பனேட் ஆஃப் சோடா. பேச்சில் பைகார்ப் என்று சுருக்கிவிடுவார்கள். பெரிய சூப்பர் மார்க்கெட்டில் "பேக்கிங் சோடா" என்ற பெயரைத் தேடிக்கொண்டே நின்றால், அது இல்லை என்று நினைத்துப் பக்கத்தில் "பேக்கிங்" என்று தொடங்கும் டப்பாவை எடுத்துவிடுவோம். எனக்கு இதன் மறுபக்கம் நடந்தது. பேக்கிங் பவுடர் இருந்த தட்டிலேயே, அதே கம்பெனியின் அதே நிற, அதே அளவு டப்பாவில் பைகார்பும் இருந்தது. கை ஒன்றைத் தள்ளி எடுத்துவிட்டது.

பேக்கிங் பவுடருக்கு இங்கும் அதே பெயர்தான். மைதாவுக்குப் பெயர் ப்ளெயின் ஃப்ளவர். அமெரிக்கக் குறிப்பில் ஆல் பர்ப்பஸ் ஃப்ளவர் என்று வந்தாலும் இதையே எடுக்கலாம். ஸ்ட்ராங் ஃப்ளவர் என்பது ரொட்டிக்கு. கேக்குக்கு எடுத்தால் கடினமாக வரும். செல்ஃப் ரெய்சிங் ஃப்ளவர் என்பது, உப்ப வைக்கும் பொருளை ஆலையிலேயே கலந்து வரும் மைதா. நம் ஊர் மளிகைக் கடைகளில் அது அநேகமாகக் கண்ணில் படாது. இங்கே சிறு கடைகளில்கூடக் கிடைக்கிறது, அதுவும் ப்ளெயின் பைக்கு ஒட்டினாற்போல.

2. இரண்டு டப்பாவும் செய்யும் வேலை வேறு

சோடா ஒரே ஒரு பொருள். அது தானாக வேலை செய்யாது. தயிர், மோர், எலுமிச்சை, வினிகர், வெல்லம் மாதிரி ஏதாவது புளிப்பு கூட இருந்தால்தான் நுரைத்து வாயு விடும். புளிப்பு இல்லாத மாவில் சோடா போட்டால், சூட்டில் கொஞ்சம் வாயு விட்டுவிட்டு மிச்சம் புளிப்புக்கு எதிரான காரமாக நின்றுவிடும். சோப்பு ருசியும், மஞ்சளோ பழுப்போ ஏறிய நிறமும் அதனால்தான் வருகின்றன.

பேக்கிங் பவுடரில் அந்தச் சோடாவோடு அதற்குத் தேவையான புளிப்பும் பொடியாகவே சேர்ந்திருக்கிறது. ஈரத்தில் இரண்டும் முன்கூட்டியே சேர்ந்துவிடாமல் இருக்க மாச்சத்து கலந்திருப்பார்கள். அதனால் தயிர் இல்லாத பால் கேக்கிலும் அது தானாக உப்ப வைக்கும். கலப்பு இருப்பதால் வீரியம் குறைவு. ஒரு டீஸ்பூன் சோடா, சுமார் மூன்று டீஸ்பூன் பேக்கிங் பவுடருக்குச் சமம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பவுடருக்குப் பதில் சோடாவை அதே அளவில் போட்டால் என்ன ஆகும் என்பது இதிலிருந்தே தெரிந்துவிடும். என் இரண்டாவது கேக்கில் நடந்தது அதுதான். குறிப்புப்படி போட்ட சோடாவைத் தயிரின் புளிப்பு தின்று தீர்த்தது. பவுடர் என்று நினைத்துப் போட்ட ஒன்றேகால் டீஸ்பூன் சோடாவுக்குப் புளிப்பு மிச்சமே இல்லை.

சோடா தீர்ந்து பவுடர் மட்டும் இருந்தால் மூன்று மடங்கு பவுடர் போட்டுச் சமாளிக்கலாம், ருசி சிறிது மாறும். பவுடர் தீர்ந்து சோடா மட்டும் இருந்தால் அளவைக் குறைத்தால் மட்டும் போதாது, புளிப்பும் வேண்டும். அதே அலமாரியில் க்ரீம் ஆஃப் டார்ட்டர் என்று ஒரு வெள்ளைப் பொடி விற்கிறார்கள். அது புளிப்புப் பொடி. கால் டீஸ்பூன் சோடாவோடு அரை டீஸ்பூன் இதைச் சேர்த்தால் ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர் செய்யும் வேலையைச் செய்யும். ஆனால் ஈரம் பட்டதும் நுரைக்கத் தொடங்கிவிடும், கலந்த கையோடு ஓவனில் வைத்துவிட வேண்டும்.

3. எந்த வரிசையில் தேடுவது, எவ்வளவு ஆகும்

ஹோம் பேக்கிங் என்று பலகை மாட்டிய வரிசைக்குப் போங்கள். மாவு, சர்க்கரை, வனிலா, சின்ன டப்பாக்கள் எல்லாம் அங்கேதான் இருக்கும். சுத்தம் செய்யும் பொருள்கள் வரிசையிலும் பைகார்பனேட் ஆஃப் சோடா பெரிய பெட்டியில், மலிவாகக் கிடைக்கும். அது குளிர்பெட்டி துடைக்கவும் பாத்திரம் தேய்க்கவும் விற்பது. உணவுக்கு என்று அட்டையில் எழுதாத எதையும் கேக்கில் போடாதீர்கள்.

அதே வரிசையில் சோடா கிறிஸ்டல்ஸ் என்று ஒரு பாக்கெட் இருக்கும். அது துணி சோடா, பைகார்ப் அல்ல. கடுமையான காரம், கண்ணிலும் தோலிலும் எரிச்சல் தரும், சாப்பிடவே கூடாது. சோடா என்ற ஒரே சொல்லைப் பார்த்து எடுக்க வாய்ப்பிருப்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன். வீட்டில் வாங்கி வைத்திருந்தால் சமையலறை அலமாரியில் வைக்காதீர்கள்.

செலவு அதிகமில்லை. கடையின் சொந்தப் பெயரில் வரும் ஒன்றரைக் கிலோ மாவு ஒரு பவுண்டுக்கு முன்னே பின்னேதான் இருக்கும். பிரபலமான பெயருள்ளதற்கு அதைவிடக் கூடுதல். இரண்டிலும் உப்ப வைக்கும் பொருள் ஏறக்குறைய ஒன்றுதான். கேக் எப்போதாவது செய்யும் வீட்டுக்கு என் யோசனை இது: ப்ளெயின் மாவு ஒரு பை, பேக்கிங் பவுடர் ஒரு டப்பா, பைகார்ப் ஒரு டப்பா. செல்ஃப் ரெய்சிங் பை வேண்டாம். ப்ளெயினிலிருந்து செல்ஃப் ரெய்சிங்கை நிமிடத்தில் உண்டாக்கிவிடலாம், செல்ஃப் ரெய்சிங்கிலிருந்து உள்ளே கலந்ததைப் பிரித்தெடுக்க முடியாது.

இன்னொரு செலவு கட்டாயம்: அளக்கும் ஸ்பூன் செட். இரண்டு, மூன்று பவுண்டுக்குக் கிடைக்கும். குறிப்பில் டீஸ்பூன் என்றால் 5 மில்லி, தலைதட்டி எடுத்தது. காபி கலக்கும் ஸ்பூனில் குவித்து எடுத்தால் இரண்டு மடங்கு வரைகூடப் போய்விடும். மாவில் ஒரு ஸ்பூன் கூடினால் ஒன்றும் ஆகாது, சோடாவில் அப்படியில்லை.

4. மாவுப் பையின் பின்பக்கத்தைப் படியுங்கள்

பையின் நிறத்தை வைத்து வாங்கினால் ஏமாறுவோம். ஒரு கடையில் ப்ளெயினுக்கு இருக்கும் நிறம் அடுத்த கடையில் செல்ஃப் ரெய்சிங்குக்கு இருக்கும். முன்பக்கத்தில் பெரிதாகக் கம்பெனிப் பெயரும் கேக் படமும் இருக்கும், மாவின் வகை அதற்குக் கீழே சின்னதாக இருக்கலாம். ஸ்பாஞ்ச் கேக்குக்கு என்று விற்கும் மாவும், முழுக் கோதுமை மாவும், குளூட்டன் இல்லாத மாவும்கூடச் செல்ஃப் ரெய்சிங்காக வருகின்றன. ஆகவே பையைத் திருப்பி, இன்கிரீடியன்ட்ஸ் என்று தொடங்கும் வரியைக் கண்டுபிடியுங்கள். அங்கே நீங்கள் தேட வேண்டியது இரண்டே சொற்கள்: ரெய்சிங் ஏஜென்ட்ஸ்.

இங்கே உணவில் ஒரு சேர்மம் கலந்தால், அது என்ன வேலைக்காகக் கலந்தது என்பதையும் முன்னால் எழுத வேண்டும் என்பது சட்டம். உப்ப வைக்கக் கலந்திருந்தால் ரெய்சிங் ஏஜென்ட்ஸ் என்று எழுதித்தான் ஆக வேண்டும். அதற்குப் பின்னால் வழக்கமாக இரண்டு பெயர் வரும். ஒன்று கால்சியம் பாஸ்பேட்டோ டைசோடியம் டைபாஸ்பேட்டோ, அது புளிப்பு. மற்றது சோடியம் பைகார்பனேட் அல்லது சோடியம் கார்பனேட்ஸ், அது சோடா. சில பைகளில் பெயருக்குப் பதிலாக எண் மட்டும் இருக்கும். ஆங்கில ஈ எழுத்தோடு 500 என்றிருந்தால் சோடா. 341 அல்லது 450 என்றிருந்தால் புளிப்பு.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. ப்ளெயின் மாவின் பையிலும் கால்சியம் கார்பனேட் என்று எழுதியிருக்கும். அன்ரி சொல்லித் தந்த பிறகு நான் கடைக்குப் போய், கார்பனேட் என்ற சொல்லைப் பார்த்ததும் "இதிலும் சோடா கலந்திருக்கிறது" என்று ப்ளெயின் மாவைத் திரும்ப வைத்துவிட்டு வந்தேன். அது சோடா அல்ல. இங்கிலாந்தில் வெள்ளைக் கோதுமை மாவில் கால்சியம், இரும்பு, நியாசின், தயமின் போன்றவற்றைச் சத்துக்காகச் சேர்க்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்தக் கால்சியம்தான் இப்படி எழுதப்படுகிறது. வழக்கமாகக் கோதுமை என்ற சொல்லை அடுத்து, அடைப்புக்குறிக்குள் இரும்போடும் நியாசினோடும் சேர்ந்து நிற்கும். அதனால் மாவு உப்பாது. கார்பனேட்டைத் தேடாதீர்கள், ரெய்சிங் ஏஜென்ட்ஸ் என்பதைத் தேடுங்கள். அந்தச் சொற்கள் இருந்தால் செல்ஃப் ரெய்சிங், இல்லையென்றால் ப்ளெயின்.

டப்பாக்களுக்கும் இதே பழக்கம் போதும். இன்கிரீடியன்ட்ஸ் வரியில் சோடியம் பைகார்பனேட் ஒன்று மட்டும் இருந்தால் அது சோடா. சோடாவோடு டைபாஸ்பேட் மாதிரி இன்னொன்றும், சோள மாவோ அரிசி மாவோ கோதுமை மாவோ சேர்ந்திருந்தால் அது பேக்கிங் பவுடர். வீட்டில் யாருக்காவது கோதுமை ஒவ்வாது என்றால் இந்த வரியைக் கட்டாயம் பாருங்கள். சில பேக்கிங் பவுடரில் கோதுமை மாவு கலந்திருக்கிறது. ஒவ்வாமைப் பொருளைத் தடித்த எழுத்தில் அச்சிடுவார்கள், கண்ணில் படும்.

கடைசியாகத் தேதி. பெஸ்ட் பிஃபோர் என்பது அதுவரை தரம் நன்றாக இருக்கும் என்பதற்கான தேதி. அது தாண்டினாலே மாவு கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. ஆனால் செல்ஃப் ரெய்சிங் மாவுக்கும் பேக்கிங் பவுடருக்கும் இந்தத் தேதி நிஜமாகவே முக்கியம். உள்ளே சோடாவும் புளிப்பும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால், காற்றின் ஈரத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாகச் செலவாகிக்கொண்டிருக்கும். அலமாரியில் முன்னால் இருப்பதை எடுக்காமல் பின்னால் கைவிட்டு, தேதி தள்ளியிருக்கும் பையை எடுங்கள். ப்ளெயின் மாவுக்கு இந்த அவசரம் இல்லை.

5. குறிப்பில் உள்ளதையும் மாவில் உள்ளதையும் சேர்த்துக் கூட்டுங்கள்

என் தயிர் கேக்கையே கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஊர்க் குறிப்பில் இருந்தது: மைதா ஒன்றரைக் கப், அதாவது சுமார் 190 கிராம். கெட்டித் தயிர் ஒரு கப், சர்க்கரை முக்கால் கப், எண்ணெய் அரைக் கப், வனிலா ஒரு டீஸ்பூன், பேக்கிங் பவுடர் ஒன்றேகால் டீஸ்பூன், சோடா அரை டீஸ்பூன்.

எல்லாவற்றையும் பேக்கிங் பவுடர் கணக்குக்கு மாற்றுவோம். சோடா அரை டீஸ்பூன் என்றால் மூன்று மடங்கில் ஒன்றரை. அதோடு ஒன்றேகால் சேர்ந்தால் இரண்டேமுக்கால் டீஸ்பூன். தயிரும் எண்ணெயும் கனமாக இருக்கும் முட்டையில்லாத மாவைத் தூக்க அவ்வளவு வேண்டியிருக்கிறது. மைதாவில் ஒன்றும் இல்லை என்பதால் ஊரில் மொத்தமும் அதுதான்.

இங்கே நான் போட்டது செல்ஃப் ரெய்சிங் மாவு. 150 கிராம் ப்ளெயின் மாவுக்கு இரண்டு டீஸ்பூன் பேக்கிங் பவுடர் கலந்தால் செல்ஃப் ரெய்சிங் ஆகும் என்பது இங்கே வீடுகளில் பின்பற்றும் அளவு. அந்தக் கணக்கில் 190 கிராமுக்குள்ளேயே இரண்டரை டீஸ்பூன் இருந்திருக்கிறது. அதன் மேல் இரண்டேமுக்கால். மொத்தம் ஐந்தேகால், கிட்டத்தட்ட இரு மடங்கு. வாயு அவ்வளவு வேகமாக வந்ததில், வெந்து இறுகும் முன்பே குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி உடைந்தன. தாங்க ஒன்றும் இல்லாமல் நடுப்பகுதி உட்கார்ந்துவிட்டது.

இந்தக் கேக்கை ப்ளெயின் மாவில் செய்தால் குறிப்பை அப்படியே வைத்துக்கொள்ளலாம். வீட்டில் செல்ஃப் ரெய்சிங் மட்டும்தான் இருக்கிறது என்றால், பேக்கிங் பவுடரை முழுக்க விட்டுவிடுங்கள், சோடாவைக் கால் டீஸ்பூனாகக் குறையுங்கள். மாவுக்குள் இருக்கும் இரண்டரையும் சோடாவின் முக்காலும் சேர்ந்து மூன்றேகால் வரும், தாங்கும். தயிரின் புளிப்பு முழுக்கத் தீராததால் கேக்கில் லேசான புளிப்பும் சற்று வெளிறிய நிறமும் இருக்கும். எனக்கு அது பிடித்தே இருந்தது.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஆங்கிலேயர் குறிப்புகளில் செல்ஃப் ரெய்சிங் மாவு, அதோடு பேக்கிங் பவுடர் என்று இரண்டும் வரும். விக்டோரியா ஸ்பாஞ்சை எல்லாப் பொருளையும் ஒரே பாத்திரத்தில் போட்டுக் கலக்கும் முறையில், நான்கு முட்டைக்கு வெண்ணெய், சர்க்கரை, செல்ஃப் ரெய்சிங் மாவு தலா 225 கிராம், பேக்கிங் பவுடர் இரண்டு டீஸ்பூன் என்று எழுதியிருப்பார்கள். அது தப்பல்ல. வெண்ணெயையும் சர்க்கரையையும் தனியாக அடித்துக் காற்று ஏற்றும் வேலையை விட்டுவிட்டதால், அந்தக் குறையை ஈடுகட்டக் கூடுதலாகப் போடுகிறார்கள். "மாவிலேயே இருக்கிறதே" என்று நீங்களாக அதை விட்டுவிடாதீர்கள். குறிப்பு எந்த மாவைச் சொல்கிறதோ அந்த மாவுக்காகவே அதன் அளவுகள் எழுதப்பட்டிருக்கின்றன. மாவை மாற்றும்போதுதான் நாம் கணக்கில் கை வைக்க வேண்டும்.

அமெரிக்கக் குறிப்பில் செல்ஃப் ரைசிங் என்று வந்தால் அந்த மாவில் உப்பும் கலந்திருக்கும். இங்குள்ள பைகளில் பொதுவாக உப்பு இருக்காது. ஒரு சிட்டிகை போட்டுக்கொள்ளுங்கள்.

கேக்கைத் தாண்டியும் ஒரு வார்த்தை. செல்ஃப் ரெய்சிங் மாவை பரோட்டாவுக்கோ குலாப் ஜாமூனுக்கோ மைதா பிஸ்கட்டுக்கோ எடுக்காதீர்கள். எண்ணெயில் போட்டதும் உள்ளே வாயு வந்து ஜாமூன் வெடிக்கும், பிஸ்கட் ஓட்டை விழுந்து எண்ணெயைக் குடிக்கும்.

6. பெயர் ஒட்டாத டப்பாவை எப்படிக் கண்டுபிடிப்பது

மாவையும் சோடாவையும் பழைய டப்பாவில் கொட்டி வைக்கும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. ஒரு மாதம் கழித்து எது எது என்று தெரியாது. முகர்ந்து பார்த்தாலும் தெரியாது.

கண்ணாடி டம்ளரில் வெதுவெதுப்பான தண்ணீர் கால் டம்ளர் எடுத்து, பொடியை அரை டீஸ்பூன் போடுங்கள். பேக்கிங் பவுடர் என்றால் விழுந்தவுடன் சர்ரென்று நுரைத்துப் பொங்கும், அடங்கிய பிறகு தண்ணீர் பால் கலந்த மாதிரி கலங்கலாக இருக்கும். அந்தக் கலங்கல் அதில் உள்ள மாச்சத்து. சோடா என்றால் பெரிதாக நுரைக்காமல் கரையும், கலக்கிவிட்டால் தண்ணீர் தெளிந்துவிடும். அதே டம்ளரில் நாலு சொட்டு எலுமிச்சை விட்டால் பொங்கும்.

பழைய பேக்கிங் பவுடருக்கு உயிர் இருக்கிறதா என்று பார்ப்பதும் இப்படித்தான், ஆனால் சுடுதண்ணீரில். உடனே பொங்கினால் தைரியமாகப் போடலாம். இரண்டு மூன்று குமிழி மட்டும் சோம்பலாக மேலே வந்தால் கொட்டிவிடுங்கள், கூடுதலாகப் போட்டுச் சரிக்கட்டப் பார்க்காதீர்கள். டப்பா திறந்து ஆறு மாதம் ஆனதும் நான் இந்தச் சோதனையைச் செய்துவிடுகிறேன்.

மாவுக்கும் அதே. ஒரு ஸ்பூன் மாவில் சுடுதண்ணீர் விட்டுக் கலக்கினால், செல்ஃப் ரெய்சிங்கில் சின்னச் சின்னக் குமிழிகள் எழும்பிக்கொண்டே இருக்கும். ப்ளெயின் சும்மா பசையாகிக் கிடக்கும். நாக்கில் வைத்துப் பார்ப்பது வேண்டாம், பச்சை மாவில் வயிற்றைக் கெடுக்கும் கிருமி இருக்கக்கூடும். இனி டப்பாவில் கொட்டும்போது, பையின் பின்பக்கத்தில் அந்த இன்கிரீடியன்ட்ஸ் வரியும் தேதியும் உள்ள துண்டை வெட்டி டப்பாவுக்குள் போட்டுவிடுங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

7. கலப்பதற்கு முன்பே ஓவனைப் போடுங்கள்

சோடாவும் தயிரும் சந்தித்த நொடியிலேயே வேலை தொடங்கிவிடுகிறது. மாவைக் கலந்து வைத்துவிட்டு அப்புறம் ஓவனைப் போட்டு, சூடாகும் வரை கால் மணி நேரம் காத்திருந்தால், வாயுவில் பெரும்பகுதி பாத்திரத்திலேயே போய்விடும். முதலில் ஓவனை 180 டிகிரியில் போடுங்கள், காற்றாடி உள்ள ஓவனில் 160 போதும். டின்னுக்கு வெண்ணெய் தடவி வையுங்கள். மாவு, பவுடர், சோடா மூன்றையும் சேர்த்துச் சலியுங்கள், சோடா கட்டி எங்காவது நின்றால் அந்த இடம் மட்டும் கசக்கும். ஈரப்பொருளைக் கடைசியில் சேர்த்து, வெள்ளை மாவு மறையும் வரை மட்டும் கலந்து, ஐந்து நிமிடத்துக்குள் உள்ளே வைத்துவிடுங்கள். பேக்கிங் பவுடர் மட்டும் போட்ட மாவு கொஞ்சம் பொறுக்கும், ஏனென்றால் அதில் ஒரு பகுதி சூடு பட்ட பிறகுதான் வேலை செய்கிறது.

8. கெட்டுப்போனால் காரணத்தை கேக்கிலேயே பாருங்கள்

டின்னின் உள்சுவரைப் பாருங்கள். கேக் இப்போது நிற்கும் மட்டத்துக்கு வெகு மேலே மாவு ஏறி ஒட்டிக் காய்ந்திருந்தால், ஏறிவிட்டு விழுந்திருக்கிறது. வெட்டினால் பெரிய பெரிய ஓட்டைகள் இருந்து, நடுவும் வெந்தே இருந்தால் உப்ப வைக்கும் பொருள் அதிகம். நடு மட்டும் ஈரப்பசையாக இருந்தால் காரணம் வேறு, வேகவில்லை அல்லது ஓவன் கதவைச் சீக்கிரம் திறந்திருக்கிறீர்கள். சுவரில் தடமே இல்லாமல் கேக் அடை மாதிரி தட்டையாக, இறுக்கமாக இருந்தால் பவுடருக்கு உயிரில்லை, அல்லது செல்ஃப் ரெய்சிங் கேட்ட குறிப்புக்கு ப்ளெயின் மாவு போட்டிருக்கிறீர்கள். பழுப்பும் சோப்பு ருசியும் என்றால் சோடாதான்.

மாவு டின்னில் இருக்கும்போதே தப்பு தெரிந்துவிட்டால், பவுடர் போட மறந்தது ஒன்றைத்தான் திருத்த முடியும். மாவைத் திரும்பப் பாத்திரத்தில் வழித்து, பவுடரைச் சல்லடையில் தூவி, நாலு சுற்று மெதுவாகக் கலந்து உடனே வையுங்கள். பவுடருக்குப் பதில் சோடா விழுந்துவிட்டது என்றால், எலுமிச்சையை ஊற்றிச் சரிசெய்யப் பார்க்க வேண்டாம். எவ்வளவு புளிப்பு வேண்டும் என்று கணக்குத் தெரியாமல் ஊற்றினால் மாவும் நீர்த்துப்போகும். அதைக் கொட்டிவிட்டு, ஓவனுக்கு ஆகும் மின்சாரத்தையாவது மிச்சப்படுத்துங்கள்.

நடுவில் அமுங்கிய கேக்கை மட்டும் எறியாதீர்கள். ருசியில் குறை இல்லை. ஆறவிட்டுச் சதுரமாக வெட்டி, கண்ணாடிக் கிண்ணத்தில் அடுக்கி, சூடான கஸ்டர்டை மேலே ஊற்றி, வாழைப்பழமோ ஸ்ட்ராபெரியோ போட்டு ஒரு மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்தால் நல்ல டிரைஃபிள். என் முதல் கேக்கை அன்ரி இப்படித்தான் செய்து கொடுத்தார். மகன் அன்று சாப்பிட்டது அதைத்தான். மெழுகுவர்த்தியையும் அந்தக் கிண்ணத்தில்தான் நட்டோம்.